சமைத்த உணவைக் கைமாற்ற வேண்டாம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. ஆதாரம் இருக்கிறது, அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, கிள்ளானில் ஒரு யாத்ரீகர் விடுதியின் சமையற்கட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். பெரிய எழுத்து, மரியாதையான தமிழ், ஒரு பிழை கிடையாது. எழுதியவன் நான். அந்த அறிவிப்பால் பட்டினி கிடந்த ஒரே ஆளும் நான்தான்.

துறைமுகத்தில் சரக்குப் பத்திரங்கள் எழுதும் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீடு பிரிக்பீல்ட்ஸில், ஒரு அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடி. மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. மகன் பெர்த்தில் இருக்கிறான். காலையில் நான் அனுப்பும் வணக்கத்துக்குச் சாயங்காலம் ஒரு கட்டைவிரல் படம் வரும். தனியாக இருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு: எந்த நகைச்சுவையையும் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம், வீட்டில் ஒருவரும் 'இதைப் போன வாரமே சொன்னீங்க' என்று குறுக்கே வர மாட்டார்கள். சிரிக்கவும் மாட்டார்கள்.

அதனால்தான் காலையில் கொம்யூட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே ஒரு முருகன் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அந்த விடுதி இரண்டு மாடிக் கடைவீடு. மேலே எட்டு அறை, கீழே ஒரு கூடம், பின்பக்கம் சமையற்கட்டு, மூன்று குளியலறை. ஒரு குடும்ப அறக்கட்டளை நடத்துகிறது. வேண்டுதல் உள்ளவர்கள், விரதம் இருப்பவர்கள், தோட்டப்புறங்களிலிருந்து திருவிழாவுக்கு வருபவர்கள், சில நேரம் தமிழ்நாட்டுப் பயணிகள் என்று யாராவது தங்கியிருப்பார்கள். நான் முகப்பு மேசையில் உட்கார்ந்து பேரெழுதி, சாவி கொடுப்பேன். சம்பளம் கிடையாது. தொண்டு என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையில் நான் போனது சாப்பாட்டுக்கு.

விடுதியில் அப்போதெல்லாம் ஒரு வழக்கம் இருந்தது. சமையற்கட்டில் நான்கு அடுப்பு. அவரவர் அவரவருக்குச் சமைத்துக்கொள்வார்கள். ஆனால் கண்ணில் படுகிறவரிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்காமல் தட்டில் கை வைக்க மாட்டார்கள். பதினோரு மணியிலிருந்து நான் எல்லார் கண்ணிலும் படும்படி பார்த்துக்கொள்வேன். "இல்லைங்க, இப்பத்தான்..." என்று இழுப்பேன். அந்த இழுவை என் வாழ்நாள் சாதனை. ஈப்போக்காரர்களின் பருப்பு, சிரம்பான் அம்மாவின் புளிக்குழம்பு, யாழ்ப்பாணத்து ஆட்களின் சொதி என்று தினம் ஒரு வீட்டு ருசி. சோற்றைவிட, எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் ருசி. அதை அப்போது நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

விடுதியைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியை எல்லாரும் அக்கா என்பார்கள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சிறியவர். இருந்தாலும் நானும் அக்கா என்றே கூப்பிடுவேன். அவர் என்னை அண்ணே என்பார். இரண்டில் ஒன்று பொய்; எது என்று நாங்கள் விசாரித்ததில்லை.

இனி நான் செய்த காரியம்.

தைப்பூசத்துக்கு ஐந்து நாள் இருந்தது. பந்திங்கிலிருந்து ஒரு லோரி ஓட்டுநர் வந்து தங்கியிருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய மகளுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. நல்லபடியாக முடிந்தால் காவடி எடுப்பதாக வேண்டுதல். பிள்ளை பிழைத்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். நாற்பத்தெட்டு நாள் விரதத்தில் கடைசி வாரத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு, தானே சமைத்தது. வெறும் தரையில் படுக்கை, விடியுமுன் பச்சைத்தண்ணீர்க் குளியல். மதியம் அவர் சாப்பிடும்போது நான் எதிரே உட்கார்ந்து வாயாடுவேன். என் நகைச்சுவைக்கு வாய்விட்டுச் சிரித்த கடைசி மனிதர் அவர்.

அன்றைக்குச் சமையற்கட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டர் கொண்டுவரும் ஆள் 'வந்துட்டேன், வந்துட்டேன்' என்று போனில் மட்டும் வந்துகொண்டிருந்தான். மணி இரண்டாயிற்று. மனிதர் முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். காலையில் ரயில் ஏறும் முன் நான் வாங்கிய நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், என் பையில் இருந்தது.

"தம்பி, இதைச் சாப்பிடுங்க."

"வேணாம் அண்ணே. வெளிச் சாப்பாடு தொடுறதில்ல."

"சுத்த சைவம் லா. நான் பக்கத்துல நின்னு கட்டச் சொன்னேன். இங்க கொண்டாறதாச்சேன்னு முட்டை வேணாம்னேன், நெத்திலி வேணாம்னேன். வெறும் சோறு, கடலை, வெள்ளரிக்காய், சம்பால். அவ்வளவுதான்."

"இல்ல அண்ணே..."

"வயசுல மூத்தவன் சொல்றேன். பசியோட கெடந்து மயக்கம் போட்டா முருகன் என்னைத்தான் கேப்பாரு."

அந்த வாக்கியத்துக்காக இன்றைக்கும் என் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். பெரியவன் சொல்லைத் தட்டக் கூடாது என்று அவர் பொட்டலத்தைப் பிரித்தார். மூன்றாவது கவளத்தில் கை நின்றது.

"அண்ணே, இதுல பெலாச்சான் இருக்கா?"

மிளகாய்ச் சம்பாலில் பெலாச்சான் போடுவார்கள் என்று இந்த நாட்டில் நாலு வயதுக் குழந்தைக்கும் தெரியும். பெலாச்சான் என்றால் இறாலை உப்புப் போட்டு இடித்துக் காயவைத்தது என்பதும் தெரியும். எனக்கும் அறுபது வருஷமாகத் தெரியும். மேலே இருந்த நெத்திலியை எடுத்துவிட்டால் சைவம் என்று அந்தக் காலையில் என் மூளை தீர்ப்பு எழுதியிருந்தது. நான் வாயைத் திறந்தேன், பேச்சு வரவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம். அதிலிருந்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

அவர் பொட்டலத்தை மூடி வைத்தார். வாயைக் கொப்பளித்தார். கட்டியிருந்த வேட்டியோடு போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். கோயில் குருக்கள், தெரியாமல் நடந்தது தோஷமில்லை, ஒரு அர்ச்சனை செய்துவிட்டுக் காவடி எடுக்கலாம் என்று சொன்னார். இவர் கேட்கவில்லை.

"ஐயரு சொல்றது சரிதான் அண்ணே. எனக்குத்தான் மனசு ஒப்பல. பங்குனி உத்திரத்துக்கு எடுத்துக்கிறேன். இன்னொரு தடவ மொதல்லேருந்து இருக்கணும், அவ்வளவுதானே."

"தம்பி, என்னை ரெண்டு வார்த்தை திட்டிடுங்களேன்."

"பரவால்ல அண்ணே."

பையைத் தூக்கிக்கொண்டு மோட்டார்சைக்கிளில் போய்விட்டார். காவடி கட்டுபவருக்குச் சொல்லி, வர இருந்த உறவுக்காரர்களுக்குச் சொல்லி, ஆஸ்பத்திரியிலிருந்து மீண்டு வந்த பிள்ளைக்கும் சொல்லியிருப்பார். என்ன காரணம் சொன்னாரோ தெரியாது.

அறக்கட்டளையின் செயலாளர் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். சுவரில் இருந்த பழைய அறிவிப்புகளைப் பார்த்தார். 'செருப்பு போடாதே.' 'சத்தம் கூடாது.' 'மீறினால் வெளியேற்றப்படுவர்.' கும்பிட வருகிறவர்களைக் கள்ளக்குடியேறிகள்போல மிரட்டும் வாசகங்கள். "குளியல், காலணி, சமையல், அமைதி. நாலையும் புதுசா எழுதணும். மரியாதையா, லேசான தமிழ்ல. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவங்களுக்கும் புரியணும்," என்றார். நான் கையைத் தூக்கினேன். குற்றவாளியே சட்டம் எழுத முன்வந்தால் யார் வேண்டாமென்பார்கள்?

முதல் வரைவை அக்காவிடம் படித்துக் காட்டினேன். 'நீராடும் அன்பர்கள் தத்தம் கடமையுணர்ந்து' என்று தொடங்கினேன். அக்கா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள அவங்க குளிச்சிட்டு ஊருக்கே போயிருவாங்க. எந்த அன்பர், அண்ணே? நம்ம ரூம்ல யாரு அன்பர்?"

"மரியாதைக்காக, அக்கா."

"மரியாதைன்னா ஏன்னு சொல்லுங்க. எண்ணெய தேச்சுக் குளிச்சிட்டு அப்படியே போயிடறாங்க. அடுத்து வர்ற கெழவி வழுக்கி விழுறா. அதைச் சொல்லுங்க."

அதுதான் எனக்குக் கிடைத்த ஒரே இலக்கணப் பாடம். அதன்பிறகு ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லி எழுதினேன். குளியலறைக் கதவின் உட்பக்கம், தண்ணீர் தெறிக்காத உயரத்தில்:

'எண்ணெய் தேய்த்துக் குளித்தால், தரையைச் சோப்புத்தூள் போட்டு அலசிவிடுங்கள். அடுத்து வருபவர் வயதானவராக இருக்கலாம். காலையில் வரிசை நீளம். பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். வெளியே வரும்போது ஹீட்டரை அணைத்துவிடுங்கள். ஈரத்துணியைப் பின்பக்கக் கொடியில் காயப்போடுங்கள்.'

வாசற்படியில்: 'காலணிகளை இந்தத் தட்டில் வையுங்கள். உள்ளே பலர் தரையில் படுத்து உறங்குகிறார்கள். குளியலறைச் செருப்பு குளியலறைக்கு மட்டும். அதோடு சமையற்கட்டுக்கு வர வேண்டாம்.'

மாடிப்படியில்: 'இரவு ஒன்பது மணிக்கு மேல் மெதுவாகப் பேசுங்கள். போன் ஒலியை நிறுத்தி வையுங்கள். விடியுமுன் எழ வேண்டியவர்கள் பக்கத்து அறையில் இருக்கிறார்கள். பாட விரும்பினால் கீழே கூடத்தில் எட்டரை மணிவரை பாடலாம்.'

கடைசியாகச் சமையல். இங்கேதான் குற்ற உணர்ச்சி என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டது. 'இங்கே சைவச் சமையல் மட்டும். முட்டையும் வேண்டாம். முடித்ததும் அடுப்பைத் துடைத்துவிடுங்கள்' என்பதோடு நிறுத்தியிருக்கலாம். 'விரதம் இருப்பவருக்கு உணவு கொடுக்குமுன் அவரைக் கேளுங்கள்' என்றாவது முடித்திருக்கலாம். அவர் வேண்டாமென்று சொன்ன பிறகும்தானே நான் கொடுத்தேன்? கேட்டால் போதாது என்று தோன்றியது. எழுதினேன்:

'சமைத்த உணவைக் கைமாற்ற வேண்டாம். வெளி உணவையும் உள்ளே கொண்டுவர வேண்டாம். யார் எந்த விரதத்தில் இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. அன்பால் கொடுக்கும் ஒரு கவளம் ஒருவருடைய பல நாள் வேண்டுதலைக் கலைத்துவிடலாம்.'

அக்கா எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார். கீரையைக் கீழே வைத்தார். "இது நல்லாருக்கு," என்றார். அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது மழைக்காலத்தில் கிள்ளானில் பார்க்கிங் கிடைப்பதுபோல. நான் மிதந்துகொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஒட்டினோம். அடுத்த நாள் பதினொன்றரைக்கு வழக்கம்போல முகப்பு மேசையிலிருந்து எழுந்து, சமையற்கட்டு வாசலில் ஒரு காரணமும் இல்லாமல் நின்றேன். ஈப்போவிலிருந்து வந்த ஒரு ஆன்டி ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். சிரித்தார். வாயைத் திறந்தார். பிறகு அவர் கண் சுவருக்குப் போனது. வாயை மூடிக்கொண்டார்.

"என்ன ஆன்டி, ரசம் வாசனை பஸ் ஸ்டாப் வரைக்கும் போவுது?" என்றேன். தூண்டில் போட்டேன்.

"ஆமாங்க," என்றார். பாத்திரத்தை மூடி மேலே தூக்கிக்கொண்டு போனார்.

'மீறினால் வெளியேற்றப்படுவர்' என்று மிரட்டியபோது ஒருவரும் மதிக்கவில்லை. காரணம் சொல்லி அன்பாகக் கேட்டதும் எல்லாரும் அப்படியே கேட்கிறார்கள். குளியலறைத் தரை பளபளத்தது. செருப்புகள் பள்ளிப்பிள்ளைகள்போல வரிசையில் நின்றன. ஒன்பது மணிக்கு மேல் வீடே மூச்சை அடக்கிக்கொள்கிறது என்று அக்கா சொன்னார். என்னோடு பேசுவதற்கு யாரும் கூடத்தில் உட்காருவதுமில்லை. முன்பு சாப்பாட்டைச் சாக்கு வைத்துத்தான் பேச்சு நடந்தது. சாக்கு போனதும் பேச்சும் போய்விட்டது. அவரவர் பாத்திரம், அவரவர் அறை, அவரவர் கதவு. நான் ரயில் நிலையத்துக்கு எதிரே போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து ரொட்டி சானாய் தின்றேன்.

இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு ஒரு காலை, யாரும் வருமுன், அந்த அறிவிப்பின் கீழே ஒரு சின்னச் சீட்டு ஒட்டினேன்: 'முகப்பில் இருப்பவர் எந்த விரதத்திலும் இல்லை.' தகவல்தான், உத்தரவுகூட இல்லை.

பத்து மணிக்கு அக்கா அந்தச் சீட்டோடு என் மேசைக்கு வந்தார்.

"என்னங்க அண்ணே இது?"

"ஒரு விளக்கம், அக்கா."

"கோயில் வாசல்ல தட்டு வச்சிட்டு உக்காந்திருப்பாங்களே, அவங்க போர்டு மாதிரி இருக்கு. அந்த ஈப்போ ஆன்டி என்ன கேட்டாங்க தெரியுமா? 'அவரு கறி சாப்பிட்டுட்டு வர்றவரா, அதான் எழுதிப் போட்டிருக்காங்களா'ன்னு."

சீட்டை நாலாய் மடித்து என் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பங்குனி பிறந்து, உத்திரத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது லோரி ஓட்டுநர் திரும்ப வந்தார். மெலிந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. நான் பேரெழுதிச் சாவி கொடுத்தேன். "எப்படி இருக்கீங்க தம்பி?" என்றேன். "நல்லாருக்கேன் அண்ணே," என்றார். மாடிப்படியில் நின்று அறிவிப்பைப் படித்தார். காலணித் தட்டில் நின்று படித்தார். சமையற்கட்டில் வெகுநேரம் நின்றார்.

அந்த ஒரு வாரமும் எனக்கு ஒரே ஒரு ஆசைதான். இந்தத் தடவை விரதம் முடிந்ததும் அவர் ஒரு வேளை என் எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். என் இலையில் ஒன்றுமே விழாவிட்டாலும் பரவாயில்லை. அவர் சாப்பிட, நான் வாயாட, அவர் ஒரு தடவை சிரித்துவிட்டால் எங்களுக்குள் கணக்கு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். மதியங்களில் அவர் தனியாகச் சமைத்து, தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனார். நான் மேசையை விட்டு எழவில்லை. போய் எதிரே உட்காரக் கூச்சமாக இருந்தது; என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கக்கூடப் பயமாக இருந்தது.

உத்திரத்தன்று காவடி எடுத்தார். நான் தெருவோரத்தில் கூட்டத்தோடு நின்று பார்த்தேன். பால்குடத்தோடு அவர் மனைவி, பக்கத்தில் மஞ்சள் பாவாடையில் அந்தப் பெண், அப்பாவின் காலைப் பார்த்துப் பார்த்து நடந்தாள். என் தலையைத் தாண்டி அவர் பார்வை போனது. அவர் யாரையுமே பார்க்கும் நிலையில் இல்லை, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் கையை ஒரு முறை தூக்கிப் பார்த்தேன்.

மறுநாள் சாமான் எடுக்க வந்தார். முகம் தெளிந்திருந்தது. சாவியை மேசையில் வைத்தார்.

"முடிஞ்சுது அண்ணே. நல்லபடியா."

"சந்தோஷம் தம்பி. சாப்பிட்டுட்டுப் போலாமே. அக்காகிட்ட சொல்லி..."

"வீட்ல சமைச்சு வச்சிருக்காங்க. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசற்படியில் திரும்பினார். "அந்த சமையல் போர்டு நல்லா இருக்கு அண்ணே. அது இருந்ததால இந்தத் தடவ ஒருத்தரும் எங்கிட்ட வந்து சாப்பிடு சாப்பிடுன்னு கேக்கல. நிம்மதியா இருந்தேன். யாரு எழுதினது?"

"செயலாளர் சொல்லி எழுதினது," என்றேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

"எழுதினவருக்கு நன்றி சொன்னேன்னு சொல்லிடுங்க," என்றார். மோட்டார்சைக்கிள் சத்தம் தெருமுனைவரை கேட்டது.

நன்றி வந்து சேர்ந்தது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினேன். பிறகு சமையற்கட்டுக்குப் போனேன். உற்சவம் முடிந்து எல்லாரும் ஊருக்குப் போயிருந்தார்கள். அக்கா மட்டும் தனக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

நான் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு பேச ஆரம்பித்தேன். அந்த விதியை எடுக்கச் சொல்லவில்லை, அது சரியான விதிதான், நானே எழுதினேன், ஆனாலும் ஒரு வீடு என்றால் ஒருத்தரை ஒருத்தர் சாப்பிட்டீங்களா என்று கேட்க வேண்டாமா, பாருங்கள் இவ்வளவு பெரிய கட்டடத்தில் கரண்டிச் சத்தம்கூடக் கேட்கவில்லை, என் வீட்டிலும் இப்படித்தான், அவள் போனதிலிருந்து ஒன்பதாவது மாடியில் அடுப்பு பற்றவைத்தே நாலு வருஷமாகிறது, அங்கேதான் அப்படி என்றால் இங்கேயுமா, திருவிழா இல்லாத நாட்களுக்கு மட்டுமாவது ஒரு வரி சேர்த்து எழுதித் தரட்டுமா, நான் பசிக்காகச் சொல்லவில்லை அக்கா, என்றேன். இடையில் இரண்டு நகைச்சுவையும் சொன்னேன். என் குரல் ஏதோ மாதிரி ஆகிவிட்டதை மறைக்க மூன்றாவதும் சொன்னேன்.

அக்கா கஞ்சியைக் கொட்டிவிட்டுப் பானையை நிமிர்த்தி வைத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"அப்ப நீங்களும் அரிசி கொண்டாந்து இங்கயே சமைங்க."